ஏழாம் இடத்து ஆரூட பதம் – மாப்பிள்ளையை ஊர் எப்படிப் பார்க்கும்?

வெண்ணாறு – 16 ஜூன் 2025, இரவு

நேராகக் கேட்டுவிடுகிறேன். ஏழாம் பாவத்து ஆரூட பதத்தை வைத்து, வரப்போகிற துணைக்கு ஊரில் என்ன பெயர் இருக்கும் என்று சொல்கிறார்களே, அதில் விதிவிலக்கை விட்டுவிட்டுப் பலன் சொல்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பது என் எண்ணம். எங்கள் சித்தப்பா மகள் ஜாதகத்தில் இது நடந்தது. கன்னி லக்னம், 1990 மாசி, இரவு எட்டரை மணிப் பிறப்பு, மூல நட்சத்திரம். நீடாமங்கலம் பக்கம் ஒருவரிடம் காட்டியபோது, "பதம் கன்னியிலேயே விழுகிறது, அதற்குடைய புதன் ராகுவோடு மகரத்தில். வருகிறவன் பேர் கெடும்" என்று சொல்லிவிட்டார். கைகூடி வந்த நல்ல வரன் அந்த ஒரு வார்த்தையில் ஆறு மாதம் தள்ளிப்போனது.

அந்தப் பதம் கன்னி இல்லை, மிதுனம் என்பது என் கணக்கு. யாராவது போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை – 17 ஜூன்

ஆரூடம் என்றால் ஜாதகர் வந்து கேட்கிற நேரத்தில் சோழி போட்டுப் பார்ப்பது அல்லவா? பிறந்த ஜாதகத்தில் அது எங்கிருந்து வந்தது? வந்தவர் தொட்ட ராசியை வைத்துத்தான் மாப்பிள்ளை குணம் சொல்ல முடியும். எங்கள் பக்கம் அப்படித்தான்.

வெண்ணாறு – 17 ஜூன்

நீங்கள் சொல்வது பிரசன்னம். நான் கேட்பது ஜைமினி முறையில் ஒவ்வொரு பாவத்துக்கும் வருகிற பதம். லக்னத்துக்கு வந்தால் லக்னாரூடம், ஏழுக்கு வந்தால் தார பதம், பன்னிரண்டுக்கு வந்தால் உபபதம். பிறப்பு ஜாதகத்தில் கட்டம் எண்ணி எடுப்பது இது.

அரசலாறு – 17 ஜூன்

இவ்வளவு சுற்று எதற்கு? லக்னாரூடத்தை எடுங்கள், அதிலிருந்து ஏழாம் கட்டத்தைப் பாருங்கள். துணையின் வெளித்தோற்றம் அதுதான். நான் இதை வைத்தே பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மென்பொருளில் AL என்று வரும், அதற்கு நேர் எதிர்க் கட்டம். அவ்வளவுதான்.

குடமுருட்டி – 18 ஜூன், காலை

அரசலாறு தம்பி பாதி சரி. லக்னாரூடத்துக்கு ஏழாம் இடத்தையும் பார்க்கிற வழக்கம் உண்டு. அங்கே பாவி இருந்தாலும் சுபர் இருந்தாலும் அதற்குத் தனிப் பலன் சொல்வார்கள். ஆனால் ஏழாம் பாவத்தின் பதம் வேறு சங்கதி. ஒன்று உங்கள் பெயருக்கு எதிரே நிற்கிறவர், இன்னொன்று துணைக்கென்று ஊரில் எழுகிற பெயர். இரண்டும் ஒரே கட்டத்தில் விழலாம், விழாமலும் போகலாம்.

இப்போது வெண்ணாறு கொடுத்த ஜாதகம். கன்னி லக்னத்துக்கு ஏழு மீனம். ஏழுக்குடையவன் குரு. 1990 மாசியில் குரு மிதுனத்தில். மீனத்திலிருந்து எண்ணினால் மிதுனம் நாலு. மிதுனத்திலிருந்து அதே நாலு எண்ணினால் கன்னி. நீடாமங்கலத்துக்காரர் இங்கேயே நிறுத்திவிட்டார். ஆனால் கன்னி மீனத்துக்கு ஏழாம் இடம். பதம் அந்தப் பாவத்திலேயோ அதற்கு ஏழிலேயோ விழக்கூடாது, விழுந்தால் அங்கிருந்து பத்தாம் இடத்தை எடு என்கிறது பராசரம். கன்னியிலிருந்து பத்து மிதுனம். வெண்ணாறு கணக்கு சரி.

ஜைமினி சூத்திரம் இதையே வேறு வழியில் சொல்கிறது. எழுத்துக்கு எண் வைக்கிற கடபயாதி முறையில் படித்தால், அதிபதி நாலில் இருந்தால் அந்த நாலே பதம், ஏழில் இருந்தால் பத்து பதம் என்று வரும். இந்த ஜாதகத்தில் குரு மீனத்துக்கு நாலில். ஆக இரண்டு நூலும் மிதுனத்தைத்தான் காட்டுகின்றன, சண்டைக்கு இடமே இல்லை. அதிபதி தன் வீட்டிலேயோ அதற்குப் பத்திலேயோ இருக்கும்போதுதான் சிலர் சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விதிவிலக்கு தரமாட்டார்கள். நான் தருவேன்.

வெண்ணாறு – 18 ஜூன், இரவு

ஐயா சொன்னதை வைத்துப் பன்னிரண்டு லக்னத்துக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு சுருக்கம் கிடைத்தது, மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஏழுக்குடையவன் லக்னத்துக்கு 1, 4, 7, 10 ஆகிய கேந்திரங்களில் இருந்தால் மட்டும்தான் விதிவிலக்கு வரும். அவன் லக்னத்திலோ ஏழிலோ இருந்தால் பதம் லக்னத்துக்கு நாலாம் வீடு. நாலிலோ பத்திலோ இருந்தால் பதம் பத்தாம் வீடு. வேறெங்கே இருந்தாலும் சாதாரண எண்ணிக்கைதான்.

அப்படியானால் விதிவிலக்கை ஒப்புக்கொண்டு போட்ட தார பதம் ஒருபோதும் லக்னத்திலோ ஏழிலோ நிற்காது. உங்கள் மென்பொருள் A7 என்பதை லக்னத்திலோ ஏழாம் கட்டத்திலோ காட்டினால், அது விதிவிலக்கைப் போடவில்லை. அதன் அமைப்பைத் திறந்து பாருங்கள், பல நிரல்களில் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கும்.

அரசலாறு – 19 ஜூன்

என் மென்பொருளில் பார்த்தேன். கன்னி என்றுதான் காட்டுகிறது. தேர்வை மாற்றியதும் மிதுனம் வந்தது. சரி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கன்னி ஆனாலும் மிதுனம் ஆனாலும் அதிபதி புதன்தானே? புதன் மகரத்தில் ராகுவோடு இருப்பது மாறவில்லையே. நீடாமங்கலத்துக்காரர் சொன்ன பலன் அப்படியேதானே நிற்கிறது?

வெண்ணாறு – 20 ஜூன்

நல்ல கேள்வி. இதை யோசித்துத்தான் நேற்று எழுதவில்லை.

கன்னியில் பதம் என்று வைத்தால் அங்கே ஒரு கிரகமும் இல்லை. நீடாமங்கலத்துக்காரர் பார்வையையும் பார்க்காமல் நேராக அதிபதிக்குப் போனார், அவன் ராகுவோடு. ஆகவே முழுப் பலனும் ராகு பலனாகிவிடுகிறது. மிதுனத்தில் பதம் என்று வைத்தால் குருவே அதில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பெரியப்பா சொல்லிக்கொடுத்த வரிசை இது: பதத்தில் யார் இருக்கிறார்கள், அதை யார் பார்க்கிறார்கள், அதற்கப்புறம்தான் அதிபதி எங்கே என்பது. உள்ளே இருப்பவர் ஊர் முதலில் சொல்லும் வார்த்தை. பார்க்கிறவர் அந்த வார்த்தையின் தொனி. அதிபதி அந்தப் பெயருக்கு வரும் ஏற்ற இறக்கம்.

உள்ளே குரு: மரியாதைக்குரியவர், படித்தவர், பிறருக்குச் சொல்லிக்கொடுப்பவர். பார்ப்பவர்கள் யார் என்றால், தனுசில் சந்திரன், செவ்வாய், சனி மூவரும் நேர் ஏழாம் பார்வையாக மிதுனத்தைப் பார்க்கிறார்கள். ராசிப் பார்வைப்படியும் உபய ராசிகள் ஒன்றையொன்று பார்க்கும், அதனால் அதிலும் தனுசு மிதுனத்தைப் பார்க்கிறது. அதனால் மரியாதையோடு ஒரு கண்டிப்பும் கடுமையும் சேரும்.

நடந்தது: கடைசியில் வேறு வரன் அமைந்து 2015-ல் கல்யாணம். மாப்பிள்ளை கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர், மாலையில் வீட்டில் டியூஷன். அவர் தெருவில் நடந்தால் டீக்கடை வாசலில் நிற்கிற பையன்கள் உள்ளே நகர்ந்துவிடுவார்கள். ஊரில் அவருக்கு "சார்" என்பதைத் தவிர வேறு பெயரே இல்லை. வீட்டில் அவர் குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. காலைக் காபி அவர்தான் போடுவார், பிள்ளைக்குத் தலை வாரி விடுவதும் அவர்தான். பதம் காட்டுவது தெருவில் இருக்கிற மனிதரை. வீட்டுக்குள் இருக்கிறவரை மீனத்தையும் அதன் அதிபதியையும் நவாம்சத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் கலந்து சொல்வதால்தான் குடும்பங்கள் பயந்துபோகின்றன.

மாயவரத்துக்காரி – 20 ஜூன்

இதைப் படித்ததும் என் ஜாதகத்தை எடுத்தேன். சிம்ம லக்னம், 1984 தை. ஏழு கும்பம். சனி துலாத்தில் செவ்வாயோடு உச்சமாக இருக்கிறார், ராகு ரிஷபத்தில். சனியை வைத்து எண்ணினால் எனக்கு மிதுனம் வருகிறது. ஆனால் கும்பத்துக்கு ராகுவும் அதிபதி என்கிறார்களே? அப்படி எண்ணினால் ரிஷபத்திலேயே ராகுவோடு வருகிறது. எதை எடுப்பது?

எங்கள் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். ஊரில் அவரைக் கடைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

குடமுருட்டி – 21 ஜூன்

அம்மா, கும்பத்துக்குச் சனி, ராகு இருவரும். விருச்சிகத்துக்குச் செவ்வாய், கேது இருவரும். இருவரில் பலசாலியை எடுக்க வேண்டும். கூட கிரகம் இருப்பவர் பலசாலி. உங்களுக்குச் சனியோடு செவ்வாய் இருக்கிறார், உச்சமும் சேர்ந்தது, ராகு தனியாக. சனியை எடுங்கள். கும்பத்திலிருந்து துலாம் ஒன்பது, துலாத்திலிருந்து ஒன்பது மிதுனம். லக்னத்துக்குப் பதினொன்று, புதன் வீடு. கடைப் பெயரே ஆள் பெயராகிப் போனது அதோடு ஒத்துப்போகிறது.

வெண்ணாறு – 21 ஜூன்

எங்கள் பெரியப்பா ராகு கேதுவுக்கு வீடே தரமாட்டார். "அவங்க குடித்தனக்காரங்க, வீட்டுக்காரங்க இல்லை" என்பார். இந்த ஜாதகத்தில் இரண்டு வழியிலும் சனியிலேயே முடிவதால் பிரச்சினை இல்லை. விருச்சிகம் ஏழாக வருகிற ரிஷப லக்னக்காரர்களுக்குத்தான் இது தலைவலி. அதில் எனக்கு இன்னும் முடிவு இல்லை.

பாமினி – 24 ஜூன்

நாலு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். எனக்கு ஜாதகத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது, பொண்ணுக்குப் பார்க்க வேண்டிய கட்டாயத்தில் வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஊரில் என்ன பெயர் என்று தெரிய வேண்டுமானால் நம் பக்கம் விசாரிக்கிற வழக்கம் இருக்கிறதே. அந்த ஊர்ப் பால்காரர், கோயில் குருக்கள், பக்கத்து வீட்டு ஆயா. எண்ணி எடுத்த கட்டம் அதைவிட என்ன சொல்லிவிடும்? ராகு புதன் என்று சொல்லி ஆறு மாதம் தள்ளிப்போட்டதற்கு ஒரு நாள் போய் விசாரித்திருக்கலாமே.

வெண்ணாறு – 25 ஜூன்

விசாரிப்பதை விடச் சொல்லவில்லை. விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் விசாரிப்பு இன்றைக்கு ஊர் சொல்கிற பெயரைத் தரும். பதத்தைப் பார்ப்பவர்கள் தேடுவது, கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் வாழ்க்கையில் அந்தப் பெயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை. அதற்கு லக்னாரூடத்துக்கும் தார பதத்துக்கும் உள்ள இடைவெளி முக்கியம்.

தங்கை ஜாதகத்தையே எடுக்கிறேன். லக்னாதிபதி புதன் மகரத்தில். கன்னியிலிருந்து மகரம் ஐந்து, மகரத்திலிருந்து ஐந்து ரிஷபம். லக்னாரூடம் ரிஷபம். தார பதம் அதற்கு அடுத்த வீடு. கணவர் பெயரிலிருந்து பார்த்தால் மனைவியின் பெயர் பன்னிரண்டில். இரண்டு பதமும் ஒன்றுக்கொன்று கேந்திரத்திலோ திரிகோணத்திலோ, மூன்று பதினொன்றிலோ இருந்தால் இருவரும் ஊரில் ஜோடியாக அறியப்படுவார்கள் என்று சொல்வார்கள். ஆறு, எட்டு, பன்னிரண்டு என்றால் ஒருவர் பெயர் மேலே வரும்போது மற்றவர் பெயர் மறைகிறது.

அவள் கோயம்புத்தூரில் வங்கி வேலையில் இருக்கிறாள். வாரக் கடைசியில்தான் வருவாள். கும்பகோணத்தில் அவளை யாருக்கும் தெரியாது, "சார் சம்சாரம்" என்பதோடு சரி. கோயம்புத்தூரில் அவளுக்கு நல்ல பெயர், அங்கே அவரை யாருக்கும் தெரியாது. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு என்றதும் பிரிவு, விவாகரத்து என்று பயமுறுத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குடமுருட்டி – 25 ஜூன்

உபபதத்தையும் போட்டீர்களா? அதைப் பார்க்காமல் கல்யாணம் நிலைக்குமா என்று பேசக் கூடாது.

வெண்ணாறு – 26 ஜூன்

போட்டேன். பன்னிரண்டு சிம்மம், சூரியன் கும்பத்தில், நேர் ஏழில். எண்ணினால் சிம்மத்திலேயே விழுகிறது, மறுபடியும் விதிவிலக்கு. சிம்மத்துக்குப் பத்து ரிஷபம். உபபதமும் லக்னாரூடமும் ஒரே வீடு.

உபபதத்துக்கு இரண்டில் சுபர் இருந்தால் கல்யாணம் நிலைக்கும் என்பார்கள். ரிஷபத்துக்கு இரண்டு மிதுனம், அங்கே குரு. தார பதம் நிற்கிற அதே வீடு. ஊரில் கணவருக்குள்ள மரியாதைதான் இந்தக் கல்யாணத்தைத் தாங்கி நிற்பது என்று நான் படிக்கிறேன். அதைக் கெடுக்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தபோது வீடே ஆடிப்போனதைக் கண்ணால் பார்த்தேன்.

அரசலாறு – 26 ஜூன்

என்ன பேச்சு?

வெண்ணாறு – 27 ஜூன்

2019 கடைசியில். டியூஷன் பிள்ளைகளின் பெற்றோரிடம் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. அடியோடு பொய். அவருடைய பெயருக்கு ஒத்த பெயருள்ள வேறொருவர் செய்த வேலை அது. ஆனாலும் ஒரு வருடம் போல ஓடியது. பிள்ளைகள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். தங்கை வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று அழுதாள். அப்போது அவளுக்குச் சந்திர தசையில் ராகு புக்தி.

மிதுனத்துக்கு அதிபதி புதன், மிதுனத்துக்கு எட்டில், ராகுவோடு. ஆள் மாறாட்டத்தால் வந்த அவப்பெயர் என்பது ராகுவுக்குப் பொருந்துகிறது. ஆக நீடாமங்கலத்துக்காரர் பார்த்த கிரகம் சரி. ஆனால் அதை ஒரு புக்தியில் வந்து போகிற நிழலாகச் சொல்லாமல், ஆளின் முழுப் பெயராகச் சொன்னார். கட்டத்தைத் தவறாக எடுத்ததன் விளைவு அதுதான். குரு கண்ணில் படவே இல்லை.

பாமினி – 27 ஜூன்

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, தங்கைக்கு இப்போது சரியாகிவிட்டதல்லவா?

ஆனாலும் சொல்கிறேன். டியூஷன் எடுக்கிற எவருக்கும் பணப்பேச்சு ஒருமுறை வரும். நடந்த பிறகு புக்தியைத் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும். 2015-லேயே "ராகு புக்தியில் கவனம்" என்று யாராவது எழுதி வைத்திருந்தால் நம்புவேன்.

வெண்ணாறு – 27 ஜூன்

எழுதி வைக்கவில்லை. அது நியாயமான கேள்வி. இப்போது எழுதி வைக்கிறேன்: அவளுக்கு அடுத்து வருவது செவ்வாய் தசை. செவ்வாய் தனுசிலிருந்து தார பதத்தைப் பார்க்கிறார், சனியோடு சேர்ந்து. கணவருக்குப் பதவி உயர்வோடு பகையும் கூடும், பேச்சு அவருடைய கண்டிப்பைப் பற்றியதாக இருக்கும், பணத்தைப் பற்றியதாக இருக்காது. தேதியோடு இங்கேயே இருக்கட்டும்.

அவர் இப்போது நன்றாக இருக்கிறார். பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள்.

கொள்ளிடக்கரை – 2 ஜூலை

சுக்கிரனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. களத்திரகாரகன் இல்லாமல் கல்யாணப் பேச்சா?

வெண்ணாறு – 2 ஜூலை

அவள் பிறந்தபோது சுக்கிரன் தனுசு மகரச் சந்தியில். எந்தப் பக்கம் என்று பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாறுகிறது. அதனால்தான் வேண்டுமென்றே விட்டேன். பதம் சுக்கிரனைக் கேட்பதில்லை, ஏழுக்குடையவனைத்தான் கேட்கிறது.

குடமுருட்டி – 3 ஜூலை

பஞ்சாங்கம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. நம் பக்கம் வாக்கியமும் திருக்கணிதமும் பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே புழங்குகின்றன. மற்றதில் ஒரு பாகை இரண்டு பாகை வித்தியாசம் பொறுத்துக்கொள்ளலாம். பதத்தில் முடியாது, ஏனென்றால் இது ராசியை எண்ணுகிற கணக்கு. ஒரு ராசி மாறினால் பதம் இரண்டு ராசி தள்ளும், விதிவிலக்கு குறுக்கே வந்தால் எங்கேயோ போய் நிற்கும்.

சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி நடந்தது அதே வருடம் டிசம்பர் 20. இடையில் பிறந்த கடக லக்னக் குழந்தையை எடுங்கள். ஏழு மகரம், அதிபதி சனி. வாக்கியப்படி சனி மகரத்திலேயே, ஆகவே விதிவிலக்கு, பதம் துலாம். திருக்கணிதப்படி கும்பம், சாதாரண எண்ணிக்கை, பதம் மீனம். ஒன்று சுக்கிரன் வீடு, இன்னொன்று குரு வீடு. அந்தக் குழந்தைக்கு இருபத்தைந்து வருடம் கழித்து வரன் பார்க்கும்போது இரண்டு ஜோதிடர் இரண்டு மனிதரை வர்ணிப்பார்கள்.

பெண் வீட்டார் ஒன்றில் கணித்ததையும் பிள்ளை வீட்டார் இன்னொன்றில் கணித்ததையும் அருகருகே வைத்துப் பதம் பேசாதீர்கள். முதலில் இரண்டையும் ஒரே பஞ்சாங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மாயவரத்துக்காரி – 3 ஜூலை

என் பெண்ணே 2023 ஆவணி, கடக லக்னம்! எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டு வைக்கிறேன்.

வெண்ணாறு – 20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது, வரன் பேச்சு நின்றிருக்கிறது. பழைய குறிப்புகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் ரிஷப லக்னக்காரர் ஒருவருக்கு ஏழு விருச்சிகம், செவ்வாய் கும்பத்தில், கேது கடகத்தில். இருவரும் தனித்தனியாக, கூட யாரும் இல்லை. செவ்வாயை வைத்தால் விதிவிலக்கோடு பதம் கும்பத்தில், செவ்வாய் உள்ளே. கேதுவை வைத்தால் கடகத்திலிருந்து ஒன்பது எண்ணி மீனம்.

அந்த வீட்டு அம்மாளை ஊர் கோயில் காரியங்களில்தான் அறியும், திருவிழா வரவு செலவு முழுக்க அவர் கையில். மீனம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு வழக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் அர்ச்சகரையே நிற்க வைத்துக் கேட்பவர் என்றும் அவருக்குப் பெயர், அது கும்பத்துச் செவ்வாய்.

குடமுருட்டி – 21 ஜூலை

கிரகச் சேர்க்கை சமமானால் அடுத்து உச்சம், ஆட்சி பார்க்க வேண்டும். இருவருக்கும் இல்லை. அதற்கடுத்து நிற்கிற ராசியின் பலம்: உபயம் ஸ்திரத்தைவிட, ஸ்திரம் சரத்தைவிட. கும்பம் ஸ்திரம், கடகம் சரம். செவ்வாய் ஜெயிக்கிறார். கும்பம் எழுதிக்கொள்ளுங்கள்.

வெண்ணாறு – 21 ஜூலை

பெரியப்பா வழியிலும் செவ்வாய்தான். சரி, கும்பம் என்று எழுதி, பக்கத்தில் மீனத்தையும் குறித்து வைக்கிறேன். செவ்வாய் தசையும் கேது தசையும் அவருக்கு வந்து போய்விட்டன. எந்தத் தசையில் கோயில் பொறுப்பு கைக்கு வந்தது என்று அவர் வீட்டிலேயே கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன்.